நனைந்தால் என்ன ஆகும்? மண் கல்லை ஆய்வுத் திட்டமாக எடுக்கும் கட்டடப் பொறியியல் மாணவர்களுக்கு

குறைந்த செலவு வீட்டுப் பொருள் என்ற தலைப்பில் இறுதியாண்டுத் திட்டம் தேடும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரு கலவையைத்தான் முதலில் தேடுகிறார்கள். மண்ணில் தேங்காய் நார், நெல் உமிச் சாம்பல், பிளாஸ்டிக் துகள் என்று இதுவரை யாரும் சேர்க்காத ஒன்றைச் சேர்த்து, வலிமை கூடியதா குறைந்ததா என்று பார்ப்பது. அந்த வழியில் ஒரு வரைபடம் கிடைக்கும். வீடு கட்டுபவருக்குப் பதில் கிடைக்காது. மண்ணால் கட்டிய சுவரைப் பற்றி அவர் கேட்கும் முதல் கேள்வி மழையைப் பற்றியது. அந்தக் கேள்வியையே திட்டத்தின் மையமாக வைத்து, ஒரே மண்ணை எடுத்துக்கொண்டு, கல்லூரி ஆய்வகத்தில் உள்ள கருவிகளைக் கொண்டே எப்படி ஒரு நல்ல ஆய்வைச் செய்து முடிக்கலாம் என்று இங்கே விளக்குகிறேன். பொருள், சிமெண்ட் கலந்து அழுத்திய மண் கல். ஃபிளை ஆஷும் மூங்கிலும் பின்னால் வருகின்றன.

சூளையில் சுடாமல், ஈரப்பதமான மண்ணில் சிறிதளவு சிமெண்ட் கலந்து, இரும்பு அச்சில் இட்டு நெம்புகோலால் அழுத்தி எடுப்பதுதான் இந்தக் கல். 1950-களில் கொலம்பியாவில் உருவான சின்வா-ராம் என்ற கைப்பிரஸ் இதற்கு வழி திறந்தது. இந்தியாவில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் தொடங்கிய அஸ்த்ரா குழுவினர் இதை ஆழமாக ஆராய்ந்தார்கள். விழுப்புரம் மாவட்டத்துச் செம்மண் பூமியான ஆரோவில்லில் 1989-இல் தொடங்கப்பட்ட மண் கட்டடக் கலை நிறுவனம், ஆரம் என்ற பெயரில் தன் பிரஸ்களை வடிவமைத்தது. அங்கே இந்தக் கல்லால் கட்டிய பல மாடிக் கட்டடங்கள் இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. திட்டம் தொடங்கும் முன் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். முக்கியமாக, சுவரின் அடிப்பகுதி எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறது, கூரை எவ்வளவு தூரம் வெளியே நீண்டிருக்கிறது என்பவற்றைக் கவனியுங்கள்.

சுவருக்கு உண்மையில் எவ்வளவு வலிமை வேண்டும்?

ஆய்வகத்தில் எண்களை எடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் 2 மெகாபாஸ்கல் நல்லதா கெட்டதா என்று சொல்லத் தெரியாமல் நிற்போம்.

ஒரு மாடி வீடு. சுவர் 190 மி.மீ. தடிமன், 3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். மண் கல் சுவர் கன மீட்டருக்கு ஏறக்குறைய 19 கிலோநியூட்டன் எடை இருக்கும். மூன்று மீட்டர் உயரத்துக்கு அடியில் விழும் அழுத்தம் சதுர மீட்டருக்கு 57 கிலோநியூட்டன். மேலே 3 மீட்டர் அகல அறையின் கான்கிரீட் கூரை. அதில் பாதியும் சுவர் தடிமனில் பாதியுமாகச் சேர்த்து 1.6 மீட்டர் அகலம் இந்தச் சுவரின் மேல் விழுகிறது. கூரையின் எடை, தட்டோடு, மேலே நிற்பவர்கள் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 6 கிலோநியூட்டன் என்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 9.6 கிலோநியூட்டன் வரும். அதை 0.19-ஆல் வகுத்தால் 50. ஆக மொத்தம் சதுர மீட்டருக்கு 107 கிலோநியூட்டன், அதாவது 0.1 மெகாபாஸ்கலுக்குச் சற்று மேல்.

இவ்வளவுதான் தேவை என்றால் செங்கல்லுக்கு ஏன் குறைந்தபட்சம் 3.5 மெகாபாஸ்கல் கேட்கிறார்கள்? தனிக் கல்லின் வலிமை சுவரின் வலிமையாக அப்படியே வருவதில்லை. இடையில் சாந்து இருக்கிறது, பளு நடுவில் விழாமல் ஓரத்தில் விழுகிறது, சுவர் மெலிந்து உயர்ந்து நிற்கிறது, வேலையில் குறைகள் இருக்கின்றன. இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டு, கல்லின் வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் சுவரில் அனுமதிக்கிறோம். சுவர் மெலிந்திருந்தால் அதிலும் ஒரு பகுதி குறையும். 3.5 மெகாபாஸ்கல் கல் என்றால் 0.35; நமக்கு வேண்டிய 0.1-ஐப் போல் மூன்று மடங்குக்கு மேல். தாராளம்.

இப்போது அதே கல் நனைந்து 1 மெகாபாஸ்கலுக்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். அனுமதிக்கப்படுவது 0.1. சுவரின் மேல் இருக்கும் அழுத்தமும் அதே 0.1. கையிருப்பு எதுவும் இல்லை. காய்ந்திருக்கும்போது கல் 5 மெகாபாஸ்கல் காட்டியிருந்தாலும் பயனில்லை. இதனால்தான் மண் கல்லில் ஈர வலிமைதான் முக்கியமான எண். உலர் வலிமை வெறும் துணைத் தகவல். சுட்ட செங்கல்லைச் சோதிக்கும் ஐ.எஸ். 3495 கூட 24 மணி நேரம் நீரில் ஊறவைத்த பிறகுதான் அழுத்தச் சொல்கிறது. மண் கல்லுக்கு உரிய ஐ.எஸ். 1725 தரநூலின் 2013 திருத்தப் பதிப்பு உங்கள் நூலகத்தில் இருக்கும். வலிமை வகைகளையும் நீர் உறிஞ்சல் வரம்பையும் அதிலிருந்தே எடுத்தெழுதுங்கள். பழைய திட்ட அறிக்கைகளிலிருந்து நகலெடுக்காதீர்கள், அவற்றில் பல முந்தைய பதிப்பைச் சார்ந்தவை.

மண்ணைப் படித்தல்

களிமண் அதிகமுள்ள கல் காய்ந்திருக்கும்போது மிகவும் உறுதியாக இருக்கும். களித்துகள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் வரும் உறுதி அது. தண்ணீர் பட்டதும் அந்தப் பிடிப்பு தளர்ந்துவிடும், துகள்கள் வீங்கும், கல் உள்ளிருந்தே பிளக்கும். சிமெண்டோ மணல் துகள்களை ஒட்டவைப்பதில்தான் திறமை காட்டுகிறது. களித்துகள் மிக நுண்ணியது என்பதால் அதன் மொத்தப் பரப்பு மிகப் பெரியது. ஆறு சதவீத சிமெண்ட் அவ்வளவு பரப்புக்கும் போதாது. ஆகவே சிமெண்ட் கலக்கும் கல்லுக்கு மணல் பாங்கான மண் வேண்டும்: மணல் 65 சதவீதத்துக்கு மேல், களி 10 முதல் 15 சதவீதம். களி சுத்தமாக இல்லாமல் போனாலும் கெடுதல்தான். அச்சிலிருந்து எடுக்கும்போதே கல் உதிர்ந்துவிடும்.

மண்ணை எடுக்கும் இடத்தில் மேலே வேரும் மக்கிய இலையும் கலந்த அடுக்கை ஒதுக்கிவிட்டு, அதற்குக் கீழே தோண்டுங்கள். மக்கிய பொருள் சிமெண்ட் இறுகுவதைக் கெடுக்கும். முகர்ந்து பார்த்தால் மழை பெய்த தோட்டத்தின் வாசனை அடிக்கிறதென்றால் இன்னும் கீழே போக வேண்டும்.

களத்தில் முதல் சோதனைக்கு ஒரு நேரான கண்ணாடிப் புட்டி போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதிக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி, ஒரு மணி நேரம் விட்டு, மறுபடி குலுக்கி அசையாமல் வைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் படிந்துவிடும். அடுத்த அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வண்டல் அதன் மேல் படியும். களி படிய ஒரு நாள் ஆகும். அடுக்குகளின் உயரத்தை அளவுகோலால் அளந்தால் விகிதம் தெரியும். ஆனால் நீரில் களி உப்பியிருப்பதால் இந்த அளவு களியைக் கூட்டிக் காட்டும். மண்ணைத் தேர்ந்தெடுக்க மட்டும் இதை வைத்துக்கொண்டு, அறிக்கைக்கான எண்ணைச் சல்லடைப் பகுப்பாய்வு, ஹைட்ரோமீட்டர் இரண்டாலும் எடுங்கள். இரண்டும் ஐ.எஸ். 2720-இன் நான்காம் பகுதியில் உள்ளன. புட்டி சொன்னதையும் ஹைட்ரோமீட்டர் சொன்னதையும் அருகருகே போட்டுக் காட்டினால், அதுவே ஆய்வகம் இல்லாத ஊரில் கட்டுபவருக்குப் பயன்படும் ஒரு சிறு கண்டுபிடிப்பு.

களியின் அளவைப் போலவே களியின் குணமும் முக்கியம். விழுப்புரம், புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணில் உள்ள களி பொதுவாக அதிகம் வீங்காதது. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் அப்படியில்லை. இதை அறிய எளிய வழி இருக்கிறது. 425 மைக்ரான் சல்லடையில் சலித்து உலர்த்திய மண்ணில் பத்துப் பத்து கிராமாக இரண்டு பங்கு எடுத்து, ஒன்றை மண்ணெண்ணெய் நிரம்பிய 100 மி.லி. அளவைக் குழாயிலும், மற்றதைத் தண்ணீர்க் குழாயிலும் போட்டு, குமிழிகள் போகக் கிளறி ஒரு நாள் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் களி வீங்காது, தண்ணீரில் வீங்கும். மண்ணெண்ணெயில் 10 மி.லி. நின்ற மண் தண்ணீரில் 12 மி.லி. நின்றால் வீக்கம் 20 சதவீதம், கவலையில்லை. 18 மி.லி. நின்றால் 80 சதவீதம். 50 சதவீதத்தைத் தாண்டிய மண்ணைச் சிமெண்டால் மட்டும் சமாளிக்க முயலாதீர்கள். அதற்குச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்பு களியோடு நேராக வினைபுரிந்து அதன் வீங்கும் குணத்தை அடக்கும், ஆனால் முழு வலிமைக்கு மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். ஒரு பருவத்துக்குள் முடிக்க வேண்டிய மாணவர் திட்டத்துக்கு முதல் தேர்வு செம்மண்தான் என்பது என் கருத்து.

ஒரு திட்டத்தைக் கணக்கோடு போட்டுப் பார்ப்போம்

எடுத்துக்காட்டாக, உங்கள் செம்மண்ணில் சரளை 4, மணல் 50, வண்டல் 18, களி 28 சதவீதம் என்று வந்திருக்கிறது. களி இரு மடங்கு அதிகம். ஆற்று மணலை இதற்கு வாங்குவது செலவையும் கூட்டும், ஆற்றையும் கெடுக்கும். பக்கத்துக் கிரஷரில் கிடைக்கும் கல்தூள் போதும். அதில் 90 சதவீதம் மணல் அளவு, 10 சதவீதம் வண்டல் அளவு என்று வைத்தால், மண்ணும் கல்தூளும் சம எடையில் கலக்கும்போது சரளை 2, மணல் 70, வண்டல் 14, களி 14 என்று ஆகிறது. நாம் தேடிய வரம்புக்குள் வந்துவிட்டது.

இப்போது கேள்வியைக் கூர்மையாக்கலாம்: ஈர வலிமையை உயர்த்துவதற்குச் சிமெண்டைக் கூட்டுவது நல்லதா, கல்தூளால் களியைக் குறைப்பது நல்லதா? கல்தூள் மலிவு, சிமெண்ட் விலை அதிகம். ஒரு மேஸ்திரிக்கும் புரியும் கேள்வி இது.

கலவை அ: மண் மட்டும். கலவை ஆ: மண்ணும் கல்தூளும் சமமாக. ஒவ்வொன்றிலும் சிமெண்ட் 4, 6, 8 சதவீதம். மொத்தம் ஆறு தொகுதி. ஒரு தொகுதிக்கு 15 கல்: ஈர வலிமைக்கு ஐந்து, உலர் வலிமைக்கு ஐந்து, நீர் உறிஞ்சலுக்கும் அரிப்புக்கும் மூன்று, உடைந்தால் மாற்றுக்கு இரண்டு. ஆக 90 கல்.

கல்லின் அளவு 230 × 190 × 100 மி.மீ. என்றால் கன அளவு 4,370 கன செ.மீ. உலர் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 1.8 கிராம் வர வேண்டும் என்று முடிவு செய்தால், ஒரு கல்லின் உலர் எடை 7.87 கிலோ. சிமெண்ட் 6 சதவீதம் என்பது உலர்ந்த மண்ணின் எடையில் 6 சதவீதம். எனவே மண் கலவை 7.42 கிலோ, சிமெண்ட் 0.445 கிலோ. ஈரம் 11 சதவீதம் என்றால் 0.87 கிலோ தண்ணீர். அச்சில் இட வேண்டிய மொத்த எடை 8.73 கிலோ. மண்ணில் ஏற்கனவே 3 சதவீத ஈரம் இருந்தால் அதுவே 0.22 கிலோ, ஊற்ற வேண்டியது 0.65 லிட்டர்தான். இந்தக் கழித்தலைச் செய்ய மறப்பதால் கெட்டுப்போகும் கலவைகள் ஏராளம். கலக்கும் நாளன்று காலையில் மண்ணின் ஈரத்தை அளந்துவிடுங்கள்.

90 கல்லுக்கும் சேர்த்துச் சிமெண்ட் 40 கிலோ, மண் 500 கிலோ, கல்தூள் 170 கிலோ ஆகிறது. சலிக்கும்போது கழிவு போகும் என்பதால் மண்ணைக் கால் பங்கு கூடுதலாகக் கொண்டுவாருங்கள். ஒரு மூட்டை சிமெண்டில் முழுத் திட்டமும் அடங்கிவிடுகிறது.

கல் அறுக்கும் நாள்

கைப்பிரஸ்ஸின் அச்சுக்குக் கன அளவு மாறாதது. நெம்புகோலை முழுவதும் இழுத்தால் கல்லின் உயரம் எப்போதும் ஒன்றுதான். எனவே அடர்த்தியை நிர்ணயிப்பது நீங்கள் உள்ளே இடும் எடை. ஒரு கல்லுக்கு 8.73 கிலோவும் அடுத்த கல்லுக்கு 8.2 கிலோவும் இட்டால் இரண்டும் பார்க்க ஒன்றாகவே இருக்கும். வலிமை வேறாக இருக்கும். பிறகு வரைபடத்தில் தெரியும் வேறுபாடு சிமெண்டாலா, எடையாலா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. மாணவர் அறிக்கைகளில் காணும் விளக்க முடியாத ஏற்ற இறக்கங்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். ஆகவே பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் தராசு இருக்கட்டும். ஒவ்வொரு நிரப்பும் எடை போட்டே உள்ளே போகட்டும்.

மண்ணை உடைத்து 5 மி.மீ. சல்லடையில் சலித்த பிறகு சிமெண்டை உலர்வாகக் கலக்க வேண்டும். நிறம் ஒரே சீராகும்வரை புரட்டுங்கள். தண்ணீரைப் பூவாளியால் தெளியுங்கள்; ஒரே இடத்தில் ஊற்றினால் களி உருண்டைகள் திரண்டுவிடும், அவற்றுக்குள் சிமெண்ட் போகாது. ஊறிய கல்லை உடைத்துப் பார்க்கும்போது உள்ளே சிவப்புப் புள்ளிகளாக மெத்தென்று தெரிவது அந்த உருண்டைகள்தான்.

ஈரம் சரிதானா என்பதைக் கையால் அறியலாம். ஒரு பிடி கலவையை உருண்டையாக இறுக்கி, மார்பு உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. பொடியாகச் சிதறினால் ஈரம் போதாது. உடையாமல் சப்பையாக உட்கார்ந்தால் ஈரம் அதிகம். அப்படிப்பட்ட கலவையில் நெம்புகோல் லேசாக இறங்கும், கல்லும் வழவழவென்று வரும், ஆனால் காய்ந்ததும் இடைவெளிகள் மிஞ்சும்.

தண்ணீர் சேர்த்த அரை மணி நேரத்துக்குள் அந்தக் கலவையை அச்சிட்டு முடித்துவிட வேண்டும். சிமெண்ட் இறுகத் தொடங்கிய பின் அழுத்தினால் உருவாகிவரும் பிணைப்புகளையே உடைக்கிறோம். அதனால் பத்துக் கல்லுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். எடுத்த கல்லின் மீது ஆணியால் தொகுதி எண்ணையும் நேரத்தையும் கீறிவிடுங்கள். ஒவ்வொரு தொகுதியின் முதல் கல்லும் கடைசிக் கல்லும் எவை என்று தெரிந்தால், தாமதத்தின் விளைவையும் பின்னால் பார்க்க முடியும்.

பிறகு நிழலில் அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடி, இரண்டு நாள் கழித்து ஈரச் சாக்கு போர்த்தி, 28 நாள் வரை காயவிடாமல் காக்க வேண்டும். வெயிலில் விட்ட கல்லின் ஓரங்களை விரலால் தேய்த்தாலே மண் உதிரும். நடுவில் இறுகியிருந்தாலும் மேல்தோலில் சிமெண்ட் வேலை செய்யவே இல்லை என்பதற்கு அது அடையாளம்.

சோதனை மேசையில்

28 நாள் ஆனதும் ஈர வலிமைக்கான கற்களை 24 மணி நேரம் நீரில் மூழ்கவைத்து, எடுத்துத் துடைத்து, உடனே அழுத்துங்கள். மேலும் கீழும் 3 மி.மீ. பிளைவுட் வைத்தால் மேற்பரப்பின் மேடு பள்ளம் சரியாகும். அழுத்தும் பரப்பு 230 × 190, அதாவது 43,700 சதுர மி.மீ. 3.5 மெகாபாஸ்கல் என்பதற்கு இயந்திரத்தின் முள் 153 கிலோநியூட்டனைத் தொட வேண்டும். இந்த எண்ணை முன்பே கரும்பலகையில் எழுதிவைத்தால், ஒவ்வொரு கல்லும் உடையும்போதே தேறியதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

நீரில் மூழ்கவைக்கும்போதே கவனித்துப் பாருங்கள். 4 சதவீத சிமெண்டும் 28 சதவீத களியும் உள்ள தொகுதியில் மூலைகள் கரைந்து நீர் கலங்கினால், அது தோல்வியாகப் பதிவு செய்ய வேண்டிய முடிவு. அந்தத் தொகுதியை அறிக்கையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். எங்கே தொடங்கினால் கல் நிற்காது என்று காட்டுவதுதான் குறைந்த அளவைச் சேர்த்ததன் நோக்கம்.

ஒவ்வொரு தொகுதிக்கும் ஈர வலிமையை உலர் வலிமையால் வகுத்துப் பாருங்கள். களி மிகுந்த கலவை அ-வில் உலர் வலிமை ஆ-வை விட நன்றாகவே கூட இருக்கலாம். ஆனால் இந்த விகிதம் சரியும். உலர் வலிமையை மட்டும் சோதித்தவர் மோசமான மண்ணைச் சிறந்தது என்று எழுதிவிடுவார். இந்த ஒரு ஒப்பீட்டை வரைபடமாக்கினால் திட்டத்தின் மையக் கேள்விக்கான பதில் அதிலேயே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. 190 மி.மீ. அகலமும் 100 மி.மீ. உயரமும் உள்ள குட்டையான கல்லை அழுத்தும்போது, இயந்திரத் தட்டுகளின் உராய்வு கல்லைப் பக்கவாட்டில் விரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் உண்மையைவிடக் கூடுதலான வலிமை தெரியும். நேரமும் கற்களும் மிஞ்சினால், சிறந்த தொகுதியில் நான்கைந்து கற்களைச் சாந்து வைத்து அடுக்கித் தூணாக்கி அழுத்திப் பாருங்கள். சுவரின் நடத்தைக்கு அதுதான் நெருங்கியது. சாந்தையும் மண், சிமெண்ட், மணல் கலந்தே தயாரியுங்கள். கல்லைவிடக் கெட்டியான சிமெண்ட் சாந்து வைத்தால் விரிசல் சாந்தைவிட்டுக் கல்லின் வழியாக ஓடும்.

அரிப்புக்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். சாய்த்துவைத்த கல்லின் மீது 40 செ.மீ. உயரத்திலிருந்து 100 மி.லி. நீரை, மருத்துவமனையில் சலைன் இறங்குவது போல் சொட்டுச் சொட்டாக விட்டு, விழுந்த இடத்துப் பள்ளத்தின் ஆழத்தை அளந்தால் தொகுதிகளை ஒப்பிடப் போதுமானது.

மலிவுதானா?

இங்கே நேர்மை வேண்டும். சுட்ட செங்கல்லின் உடலில் சிமெண்ட் இல்லை. மண் கல்லில் இருக்கிறது. ஒரு கல்லுக்கு ஒரு கல் என்று விலையை ஒப்பிடுவதும் தவறு, ஏனென்றால் 230 × 110 × 75 மி.மீ. செங்கல்லைப் போல் 2.3 மடங்கு பெரியது இந்தக் கல். ஒரு சதுர மீட்டர் சுவருக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். சாந்து இணைப்பு 10 மி.மீ. என்றால் 190 மி.மீ. சுவரில் சதுர மீட்டருக்கு 38 மண் கல். 6 சதவீத சிமெண்டில் 17 கிலோ. ஒரு மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு. 8 சதவீதத்தில் 22 கிலோ. உங்கள் ஆய்வில் கல்தூள் கலந்த 6 சதவீதக் கலவை, மண் மட்டும் உள்ள 8 சதவீதக் கலவையின் ஈர வலிமையை எட்டிவிட்டால், சதுர மீட்டருக்கு 5 கிலோ சிமெண்ட் மிச்சம். ஆனால் பாதிப் பங்கு கல்தூளை வாங்கி ஏற்றிவர வேண்டும். கிரஷர் எத்தனை கிலோமீட்டர் தொலைவுக்கு மேல் இருந்தால் இந்த மிச்சம் லாரி வாடகையில் போய்விடும் என்பதை உங்கள் ஊர் விலையை வைத்துக் கணக்கிட்டுச் சொல்லுங்கள். கூலியையும் சேர்க்க வேண்டும், மண் கல்லில் அதுதான் பெரிய செலவு.

ஃபிளை ஆஷ், மூங்கில்

ஃபிளை ஆஷைச் சேர்க்க விரும்புபவர்கள் முதலில் எந்த அனல் மின் நிலையத்துச் சாம்பல் என்று கேட்க வேண்டும். மேட்டூர், தூத்துக்குடி சாம்பல் நிலக்கரியில் வருவது, சுண்ணாம்புச் சத்து குறைவு. நெய்வேலியில் எரிவது பழுப்பு நிலக்கரி. அதன் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். முதல் வகை தானாக இறுகாது. வெளியிலிருந்து சுண்ணாம்பு கிடைத்தால்தான் வினைபுரியும். மண் கல்லில் 6 சதவீத சிமெண்ட் இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்பு மிகச் சொற்பம். அதை நம்பி 20 சதவீத ஃபிளை ஆஷ் கலந்தால், பெரும்பகுதி வெறும் நிரப்பியாகத்தான் உள்ளே கிடக்கும். பலர் இங்கே ஏமாந்து, ஃபிளை ஆஷ் வலிமையைக் குறைக்கிறது என்று முடிவெழுதிவிடுகிறார்கள். மேற்சொன்ன சிறந்த தொகுதியை எடுத்து, அதில் 15 சதவீத ஃபிளை ஆஷை ஒரு தடவை சுண்ணாம்பில்லாமலும், ஒரு தடவை 2 சதவீத நீற்றிய சுண்ணாம்போடும் சேர்த்து, 28 நாளிலும் 56 நாளிலும் ஈர வலிமையைப் பாருங்கள். வினை மெதுவாக நடப்பது என்பதால் 28 நாளில் மட்டும் பார்த்தால் கதை பாதிதான் தெரியும். ஃபிளை ஆஷ் மிக நுண்ணியது, தண்ணீரைக் கூடுதலாகக் கேட்கும். கம்பாக்‌ஷன் சோதனையைப் புதிதாகச் செய்து ஈர அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மூங்கிலைக் கான்கிரீட்டுக்குள் கம்பிக்குப் பதிலாக வைக்கும் திட்டத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஈரக் கான்கிரீட்டில் மூங்கில் நீரை உறிஞ்சிப் பருக்கும், பிறகு காய்ந்து சுருங்கும். சுற்றிலும் இடைவெளி விழுந்து பிடிப்பு போய்விடும். அதன் விறைப்பும் எஃகில் பத்தில் ஒரு பங்குதான், ஆகவே விரிசல்கள் அகலமாக விழும். மூங்கிலைச் சுவரின் சட்டமாகவும் கூரைத் தாங்கியாகவும் பயன்படுத்தும்போதுதான் அதன் குணம் வெளிப்படும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி பூச்சி. வெட்டிய மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தேடித்தான் துளைக்கும் வண்டு வருகிறது. மூன்று நான்கு வயதான கல்மூங்கிலை எடுத்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் சில துண்டுகளைக் கணுவில் துளையிட்டும், சிலவற்றைத் துளையிடாமலும் ஊறவைத்து, கரைசல் எவ்வளவு உள்ளே போனது என்பதை எடை வித்தியாசத்தால் அளப்பது செலவில்லாத, பயனுள்ள தனித் திட்டம். இந்த உப்பு மழையில் கரைந்து வெளியேறும் என்பதால், நனையாத உட்பகுதிக்கு மட்டுமே இது பொருந்தும் என்று அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

காலக் கணக்கை இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். மண் சோதனைகளுக்கு இரண்டு வாரம், கல் அறுக்க ஒரு வாரம், ஈரத்தில் வைக்க 28 நாள், சோதனைக்கு ஒரு வாரம். இரண்டு மாதத்தை நெருங்கிவிடுகிறது. சிறந்த தொகுதி எது என்று தெரிந்த பிறகு 56 நாள் ஃபிளை ஆஷ் தொகுதிகளையும் செய்வதென்றால் நான்கு மாதத்தைத் தாண்டிவிடும். டிசம்பர், ஜனவரியில் தொடங்கும் கடைசிப் பருவத்துக்குத் திட்டமிட்டிருந்தால், வடகிழக்குப் பருவமழை இறங்கும் முன் செப்டம்பரிலேயே மண்ணைத் தோண்டிச் சலித்து மூட்டை கட்டிக் கூரைக்குள் வைத்துவிடுங்கள். நவம்பரில் தோண்டிய ஈரக் களி சல்லடையில் இறங்காது.